ஆணா பெண்ணா சொல்லாத ‘ஒ’

துருக்கி மொழியில் ‘ஒ’ என்று ஒரு சொல் உண்டு. ஓரெழுத்துச் சொல்; குறிலாகவே ஒலிக்கும். தமிழில் அவன், அவள், அவர், அது என்று நான்காகப் பிரித்துச் சொல்வதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். வேற்றுமை ஏற்கும்போது ‘ஒனு’, ‘ஒனா’, ‘ஒனுன்’ என்று உரு மாறுமே தவிர, அப்போதும் அதில் ஆண், பெண் என்ற செய்தி சேராது. வினைச்சொல்லிலும் இதே கதைதான். ‘கெல்திம்’ என்றால் வந்தேன், ‘கெல்தின்’ என்றால் வந்தாய். ‘கெல்தி’ என்றால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது ஆகிய எல்லாமும். பெயர்ச்சொற்களுக்கும் அம்மொழியில் இலக்கணப் பால் கிடையாது.

துருக்கியர் இதனால் எதையும் ஒளித்துப் பேசுகிறார்கள் என்று பொருள் இல்லை. ஆண், பெண் என்ற செய்தியை ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லியே தீர வேண்டும் என்று அவர்கள் இலக்கணம் கட்டாயப்படுத்துவதில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டிய இடத்தில் தாராளமாகச் சொல்வார்கள். பெண்ணுக்குக் ‘கதின்’, ஆணுக்கு ‘எர்கெக்’, அக்காவுக்கு ‘அப்லா’, அண்ணனுக்கு ‘ஆபி’ என்று சொற்கள் இருக்கின்றன. மரியாதையாக ஒருவரைக் குறிப்பிடும்போது பெயருக்குப் பின்னால் பெண்ணுக்கு ‘ஹனிம்’, ஆணுக்குப் ‘பெய்’ என்று சேர்ப்பார்கள். ஆனால் இவற்றில் ஒன்றும் வராத ஒரு பக்கத்தை ‘ஒ’ என்று மட்டுமே சொல்லி எழுதி முடிக்க முடியும். தமிழில் அந்தப் பக்கத்தின் முதல் வினைமுற்றிலேயே பேனா நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக இந்த ஒரு வாக்கியம்: ‘ஒ கெலின்ஜே கபியி ஆச்திம், ஹிச் கொனுஷ்மாதி, யால்னிஸ்ஜா கூலும்செதி.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘கெலின்ஜே’ என்பது ‘வந்ததும்’. ‘கபியி ஆச்திம்’ என்பது ‘கதவைத் திறந்தேன்’. ‘ஹிச் கொனுஷ்மாதி’ என்றால் கொஞ்சமும் பேசவில்லை. ‘யால்னிஸ்ஜா கூலும்செதி’ என்றால் புன்னகை மட்டும் செய்த செயல். வந்தது யார் என்பதற்கு வாக்கியத்தின் தலையில் இருக்கும் அந்த ‘ஒ’ ஒன்றே அடையாளம். வந்தவர் ஆணா பெண்ணா என்று முன்னும் பின்னும் ஒரு குறிப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

தமிழும் துருக்கியும் ஓரளவு ஒரே மாதிரி வாக்கியம் கட்டும் மொழிகள். வினை கடைசியில் வரும். உருபுகள் சொல்லின் வாலில் ஒட்டும். எழுவாய் தெரிந்ததாக இருந்தால் விட்டுவிடலாம். ‘கெலின்ஜே’ போன்ற எச்சத்துக்குத் தமிழில் ‘வந்ததும்’ அச்சாகப் பொருந்துகிறது. ‘வந்ததும்’ என்பதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. சுட்டுப்பெயரிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழில் அவன், அவள், அது எல்லாம் தொலைவைச் சுட்டும் ‘அ’விலிருந்து பிறந்தவை. துருக்கியிலும் ‘ஒ’ என்பதே தொலைவில் உள்ளதைச் சுட்டும் சொல். ‘ஒ கபி’ என்றால் ‘அந்தக் கதவு’.

ஒற்றுமை வினைமுற்றோடு முடிந்துவிடுகிறது. தமிழில் பால், சுட்டுப்பெயரில் ஒரு முறையும் வினையின் விகுதியில் இன்னொரு முறையும் உட்கார்ந்திருக்கிறது. ‘அவள் புன்னகைத்தாள்’ என்பதில் ‘அவள்’ என்பதை அடித்துவிட்டாலும் ‘-ஆள்’ அங்கேயே இருக்கும். சுட்டுப்பெயரைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த விகுதியில்தான்.

ஆணா பெண்ணா என்று தெரியாத மனிதரைச் சொல்வது எப்படி என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. மனிதர் என்பது தெரிகிறது, ஆணா பெண்ணா என்பது ஐயமாக இருக்கிறது என்றால் பன்மையால் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. தொலைவில் ஓர் உருவம் நடந்து வருகிறது. ஆடவரோ பெண்டிரோ தெரியவில்லை. அப்போது ‘தோன்றுவார்’ என்று பலர்பாலில் சொல்வது வழக்கு என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். பெயரியலில் இன்னொரு விதியும் உண்டு. ‘ஒருவர்’ என்ற சொல் ஆண், பெண் இரு பாலுக்கும் பொது; பொருளால் ஒருமையாக இருந்தாலும் பன்மை வினை கொண்டே முடியும். நன்னூலும் இதையே சொல்கிறது. ஆகவே ‘அவர் வந்தார்’ என்று எழுதிப் பாலைச் சொல்லாமல் விடுவது இன்றைக்கு யாரோ கண்டுபிடித்த உத்தி அல்ல.

அந்த விதிப்படி எழுதினால் வாக்கியம் இப்படி வரும்: ‘அவர் வந்ததும் கதவைத் திறந்தேன்; அவர் ஒன்றும் பேசவில்லை, புன்னகைத்தார்.’ இலக்கணப்படி குற்றமே இல்லை. பல இடங்களில் இதுவே போதும். மருத்துவர், ஆசிரியர், எழுத்தாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வரும் இடங்களில் ‘அவர்’ இயல்பாக உட்காரும். ஆனால் ‘அவர்’ தன்னோடு இரண்டு செய்திகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஒன்று மரியாதை. துருக்கியில் முன்னிலைக்கு ‘சென்’, ‘சிஸ்’ என்று நீ, நீங்கள் போன்ற வேறுபாடு உண்டு. படர்க்கை ‘ஒ’வுக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. திருடனும் ‘ஒ’, பேராசிரியரும் ‘ஒ’, பால்ய சிநேகிதமும் ‘ஒ’. தமிழில் பதினைந்து வயதுப் பள்ளித் தோழமையை ‘அவர்’ என்று எழுதினால் இருவருக்கும் நடுவே ஒரு மேசை போட்டது போலாகிவிடும். அடித்துப் பறித்துக்கொண்டு ஓடியவரை ‘அவர்’ என்றால் கோபம் வடிந்துவிடும்.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. எழுத்துத் தமிழில் ‘அவர்’ பொதுப்பால். பேச்சில் அப்படி இல்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் கேட்பவர் மனத்தில் ஆண்தான் நிற்பார். மரியாதைக்குரிய பெண்ணை ‘அவங்க வந்தாங்க’ என்றே சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் வெளிப்படை. அங்கே ‘அவர்’ ஆணுக்கு, ‘அவ’ பெண்ணுக்கு. எனவே எழுத்தில் ‘அவர்’ என்று படிக்கும் வாசகரில் பலர், இலக்கணம் எதைச் சொன்னாலும், காதுப் பழக்கத்தால் ஓர் ஆணைக் கற்பனை செய்துவிடுகிறார்கள். உரையாடலில் தமிழ்நாட்டுப் பேச்சு நடையைக் கையாளும் மொழிபெயர்ப்பு என்றால் ‘அவங்க’ என்பதே பாதுகாப்பு. மரியாதைக்குரிய ஆணையும் பெண்ணையும் அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரே சிக்கல், பலரையும் அது குறிக்கும் என்பதால், வந்தது ஒருவர்தான் என்று வேறோர் இடத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு செய்திகளும் ஒன்றுசேர்ந்து ‘அவர்’ முற்றாகக் கெட்டுப்போகும் இடம் காதல். ‘ஒனு ஹாலா செவியோரும்’ என்று ஒரு வரி. அந்த மனிதர்மீது இன்னும் காதல் இருக்கிறது என்று ‘நான்’ சொல்கிறது. சொல்பவரும் ஆணா பெண்ணா தெரியாது, சொல்லப்படுபவரும் தெரியாது. இதை ‘அவரை இன்னும் காதலிக்கிறேன்’ என்று எழுதினால், தமிழ் வாசகர் நொடியில் முடிவுகட்டிவிடுவார்: பேசுவது பெண், பேசப்படுவது ஆண். தலைமுறை தலைமுறையாகக் கணவரைப் பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்று குறிப்பிட்ட குடும்ப வழக்கம் அந்தச் சொல்லில் ஊறிக்கிடக்கிறது. பொதுச்சொல் என்று நம்பி எழுதியது, ஒருவர் பாலைக் காட்டுவதோடு நில்லாமல் இருவர் பாலையும் காட்டிக்கொடுத்துவிட்டது. இங்கே ‘அந்த ஒருவர்மேல் எனக்கு இன்னும் காதல்’ என்று எழுதலாம். ‘அந்த ஒருவர்’ என்பதில் கணவர் வாடை இல்லை. ‘காதலிக்கிறேன்’ என்ற வினை போய்க் ‘காதல்’ என்ற பெயர் வந்ததால் குரலும் கொஞ்சம் தாழ்ந்து, மூல வரியின் எளிமைக்கு அருகில் வருகிறது.

இனி முதல் வாக்கியத்துக்குத் திரும்பலாம். ‘அவர்’ வேண்டாம், எழுவாயையே விட்டுவிடுவோம் என்று ஒருவர் முயன்றால்: ‘வந்ததும் கதவைத் திறந்தேன்; ஒன்றும் பேசவில்லை.’ பால் மறைந்துவிட்டது. கூடவே ஆளும் மறைந்துவிட்டார். இதைப் படிப்பவர், நானே வந்தேன், நானே திறந்தேன், நானே பேசாமல் நின்றேன் என்றுதான் புரிந்துகொள்வார். துருக்கி வாக்கியத்தின் தலையில் ‘ஒ’ இருப்பதற்குக் காரணமே இதுதான். அதை எடுத்துவிட்டால் அங்கேயும் ‘நான் வந்ததும்’ என்றே பொருள்படும். எழுவாயை எளிதில் விட்டுவிடக்கூடிய மொழியில் அந்த ஓரெழுத்து சும்மா வந்து நிற்பதில்லை. அது இருக்கும் இடத்தில் தமிழிலும் ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து ‘கொனுஷ்மாதி’. தமிழ் எதிர்மறை இங்கே மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய துணை. ‘பேசவில்லை’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் நானுக்கும் நீக்கும்கூட அது ஒன்றே. துருக்கியில் ‘கொனுஷ்மாதிம்’ என்றால் நான் பேசவில்லை, ‘கொனுஷ்மாதி’ என்றால் வந்தவர் பேசவில்லை. பாலைச் சொல்லாவிட்டாலும் இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும். தமிழின் ‘பேசவில்லை’ பாலோடு இடத்தையும் விழுங்கிவிடுகிறது. அதனால் பேசாதவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் வேறொரு பிடி வேண்டும்.

மூன்றாவது ‘கூலும்செதி’. உடன்பாட்டு இறந்தகாலம், தப்பிக்க வழியே இல்லாத இடம். புன்னகைத்தான், புன்னகைத்தாள், புன்னகைத்தார் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், வினைமுற்றாக எழுதினால். வினையைப் பெயராக்கினால் தேர்வு மறைந்துவிடும்: ‘ஒரு புன்னகை மட்டும்’. தமிழ் இப்படி வினையில்லாமல் வாக்கியத்தை முடிக்கத் தயங்காத மொழி. ‘முகத்தில் ஒரு புன்னகை’ என்றும் எழுதலாம்; புன்னகை முகத்தில்தான் வரும் என்பதால் அது மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாகாது. அதே உத்தியில் முதல் பகுதியை ‘காலடி ஓசை கேட்டுக் கதவைத் திறந்தேன்’ என்று மாற்றுவது வேறு கதை. மூலத்தில் ஓசை எதுவும் இல்லை. பாலை ஊகிக்க மாட்டேன் என்று உறுதிபூண்ட ஒருவர் காலடி ஓசையை ஊகித்து எழுதினால் அதுவும் ஊகம்தான்.

‘வந்தவருக்குக் கதவைத் திறந்தேன்’ என்பது இன்னொரு முயற்சி. ‘வந்தவர்’ பொதுவாக ஒலிக்கிறது. ஆனால் யாரோ விருந்தாளி, முன்பின் தெரியாதவர் என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. துருக்கியில் ‘ஒ’ என்று சொன்னால், சொல்பவருக்கு அந்த மனிதர் யாரென்று தெரியும் என்பதே பொருள். அறிந்த முகத்தை அறியாத முகமாக்கிவிடும் இந்த வடிவம் இங்கே பொருந்தாது.

எல்லாவற்றையும் எடைபோட்டால் நிற்பது இது: ‘அவர் வந்ததும் கதவைத் திறந்தேன், எதிரே பேச்சே இல்லை, ஒரு புன்னகை மட்டும்.’ மூலத்தில் ‘ஒ’ ஒரு முறை. தமிழிலும் ‘அவர்’ ஒரே முறை. அதற்குப் பிறகு ‘-ஆர்’ என்று முடியும் வினை ஒன்றுகூட இல்லாததால் மரியாதையும் ஆண் சாயலும் அழுந்திப் பதியவில்லை. ‘எதிரே’ என்ற சொல் பேசாதவர் யார் என்று காட்டிவிடுகிறது. யாழ்ப்பாண வாசகருக்கு அந்த ஓர் ‘அவர்’கூட ஆணாகத் தோன்றலாம், முழுவதும் தப்பிய வடிவம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆயினும் மூன்று விகுதிகளை மூன்று முறை ஊகிப்பதற்கும், ஒரு பழைய பொதுச்சொல்லை ஒரு முறை வைப்பதற்கும் தூரம் அதிகம்.

இதே வாக்கியம் ஒரு கைக்குழந்தையைப் பற்றியதாக இருந்தால் இவ்வளவு பாடே இல்லை. ‘குழந்தை சிரித்தது’ என்று அஃறிணை முடிபு கொடுத்தே தமிழில் கொஞ்சுகிறோம். ‘பிள்ளை தூங்குகிறது’ என்பதும் அப்படியே. துருக்கியின் ‘ஒ’வுக்குத் தமிழில் முழுக்கப் பொருந்தும் இடம் அந்தப் பருவம் ஒன்றுதான். வளர்ந்தவருக்கு இதை நீட்டித்து ‘அந்த உருவம் புன்னகைத்தது’ என்று எழுதினால் மனிதர் பேயாகிவிடுவார். பெயராக்கும் உத்திக்கும் இந்த எல்லை உண்டு. அந்த முகம், அந்தக் குரல், அந்தக் கை என்று பக்கம் பக்கமாக எழுதினால், ஆள் துண்டு துண்டாகிப்போவார். நீண்ட கதைக்கு வழி கலந்து எழுதுவதுதான். ஓரிடத்தில் ‘அவர்’, ஓரிடத்தில் பெயர், மற்ற இடங்களில் ‘தெரியும்’, ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’, ‘முடியும்’ போன்ற பால் காட்டாத வினைகள். ‘தன்’ என்பதும் கைகொடுக்கும். ‘தன் பை’, ‘தன் வீடு’ என்பவற்றில் உரியவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. ஆனால் எதிர்மறை எல்லாமே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. ‘பேசவில்லை’ பாலை மறைக்கும். எதிர்கால எதிர்மறையான ‘பேசமாட்டாள்’ காட்டிவிடும்.

விகுதிகளை எல்லாம் கவனமாகக் கடந்து வந்தவர்களும் பெயர்ச்சொல்லில் அகப்படுவதுண்டு. ‘கர்தெஷ்’ என்பது உடன்பிறந்தவர், பெரும்பாலும் இளையவர். தமிழில் கை தானாகவே தம்பி என்றோ தங்கை என்றோ எழுதப் போகும். ‘எஷ்’ என்பது மணந்த துணை. கணவரும் அதுதான், மனைவியும் அதுதான். ‘யெயென்’ என்பது உடன்பிறந்தவரின் பிள்ளை. அதற்குத் தமிழில் மருமகன், மருமகள், பெறாமகன், பெறாமகள் என்று பால் மட்டுமல்லாமல் உறவின் வழியையும் கேட்கும் சொற்களே இருக்கின்றன. இங்கே ‘உடன்பிறந்த இளையவர்’, ‘வாழ்க்கைத்துணை’, ‘அக்கா பிள்ளை’ என்று விரித்துத்தான் எழுத வேண்டும். பெயர்களும் ஏமாற்றும். ‘தெனிஸ்’ என்றால் கடல், ‘எவ்ரென்’ என்றால் அண்டவெளி; இரண்டையும் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். தொழிற்பெயர் இன்னும் ஏமாற்றும். செவிலியரைக் குறிக்கும் ‘ஹெம்ஷிரே’ பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சகோதரி என்று பொருள். அதை மட்டும் வைத்து ‘அவள்’ என்று எழுதுவது மூலத்தில் இல்லாத ஒன்றை எழுதுவது.

தமிழுக்கு வரும் துருக்கி நூல்களில் இந்தச் சிக்கல் கண்ணில் படாமலே போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை ஜி. குப்புசாமி தமிழில் தந்தது ஆங்கில வழியாக. துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதே ஒவ்வொரு ‘ஒ’வும் ஆணாகவோ பெண்ணாகவோ பிரிக்கப்பட்டுவிடும். பிரித்தது கதையில் உள்ள சான்றை வைத்தா, ஊகத்தாலா என்பது ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. ஆங்கில வழியாக மொழிபெயர்ப்பவர், பாத்திரத்தின் பால் சந்தேகமாக இருக்கும் இடங்களையாவது குறித்துவைத்து, துருக்கி தெரிந்த ஒருவரிடம் மூல வரியைப் படித்துக் காட்டச் சொல்லலாம். சில வரிகளுக்குத்தான் இது தேவைப்படும். ஆங்கிலத்தில் இப்போது ஒருவரையே பன்மைச் சுட்டால் சொல்லும் பழக்கம் பரவியிருப்பதால் எதிர்த்திசைப் பிழையும் நேர்கிறது: ஒருவர் வந்த இடத்தில் தமிழில் ‘அவர்கள்’ வந்து, அறையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

மூலத்தின் வேறொரு பக்கத்தில் ‘கதின்’ என்றோ ‘ஹனிம்’ என்றோ ஒரு சொல் இருந்தால், ‘அவள்’ என்று எழுதுவது ஊகம் ஆகாது. ஆசிரியர் சொன்னதை எழுதுவதாகும். ஆகவே முதல் வரியைத் தொடும் முன் முழு நூலையும் படித்தாக வேண்டும். ஆசிரியர் உயிரோடிருந்தால் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் கிடைக்கும் விடை அவர் மனத்தில் இருந்தது மட்டுமே. துருக்கி வாசகர் கடைசிவரை அறியாமல் படித்த ஒன்றைத் தமிழ் வாசகருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிட அந்த விடை அனுமதி தராது. நாற்பதாம் பக்கத்தில் மட்டும் ஆசிரியர் வெளிப்படுத்தினால், தமிழிலும் நாற்பதாம் பக்கம்வரை பொறுக்க வேண்டும்.

எழுதி முடித்ததைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கதையை அறியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு தாளை வாங்கிக்கொண்டு, நடந்ததைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும். ‘அவன் வந்தான்’ என்றோ ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்றோ அவர் தயங்காமல் தொடங்கினால், எங்கோ ஒரு சொல் கசிந்திருக்கிறது. ‘யாரோ வந்தாங்க, ஆணா பொண்ணா தெரியல’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பு தேறிவிட்டது. இரண்டு மூன்று பேரிடம் இதைச் செய்து பார்த்தால் கசியும் சொல் எது என்பதும் பிடிபட்டுவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், பதிப்பகங்களுக்கு. இவ்வளவு பாடுபட்டு எழுதிய பிரதி மெய்ப்புத் திருத்துபவரிடம் போகும்போது, ‘எதிரே பேச்சே இல்லை’ என்ற வரி ‘அவள் எதுவும் பேசவில்லை’ என்று நல்லெண்ணத்தோடு திருத்தப்படக்கூடும். எந்தப் பாத்திரத்தின் பால் மூலத்தில் சொல்லப்படவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிப் பிரதியின் முதல் பக்கத்தோடு இணைத்து அனுப்புங்கள்.